காம்போசிஷன் திட்டத்தில் சேரும் முன்: யார் சேரலாம், எதை விட்டுக்கொடுக்க வேண்டும்

ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் சிறு வணிகர்கள் மார்ச் மாதத்தில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். வரும் நிதியாண்டில் வழக்கமான முறையிலேயே தொடர்வதா, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்துக்கு மாறுவதா என்பதே அது. ஏற்கெனவே பதிவு பெற்றவர் ஆண்டின் நடுவில் இந்தத் திட்டத்துக்குள் வர முடியாது. ஏப்ரல் 1-க்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்; தவறினால் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பலர் இதை "18 சதவீதம் கட்டுவதா, 1 சதவீதம் கட்டுவதா" என்ற கேள்வியாகப் பார்க்கிறார்கள். கேள்வியே தவறாக அமைந்துவிட்டது. வழக்கமான முறையில் அந்த 18 சதவீதத்தை வாடிக்கையாளர் தருகிறார். தாம் கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வணிகர் அரசுக்குக் கட்டுகிறார். காம்போசிஷனில் அந்த 1 சதவீதம் வணிகரின் சொந்தப் பணம். அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கவும் கூடாது, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழிக்கவும் முடியாது. இந்த வேறுபாட்டைக் கணக்காகப் போட்டுப் பார்க்காமல் சேர்ந்தவர்கள்தாம் ஆண்டு முடிவில் கையைப் பிசைகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் ஒரு மின்பொருள் கடை இருக்கிறது. ஒயர், சுவிட்ச், விசிறி போன்ற 18 சதவீத வரியுள்ள பொருள்களை விற்கிறது. சென்ற ஆண்டு விற்றுமுதல் வரி நீங்கலாக ரூ. 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது

பொருள் விற்பவர், உற்பத்தி செய்பவர், உணவகம் நடத்துபவர் ஆகியோருக்கு முந்தைய நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் ரூ. 1.5 கோடியைத் தாண்டியிருக்கக் கூடாது. உத்தராகண்ட், சிக்கிம், மணிப்பூர் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் மட்டும் இந்த வரம்பு ரூ. 75 லட்சம். வணிகர் 1 சதவீதமும் உற்பத்தியாளர் 1 சதவீதமும் உணவகத்தார் 5 சதவீதமும் செலுத்துகிறார்கள். இதில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகிறது. சேவை மட்டுமே தருபவர்களுக்கு வரம்பு ரூ. 50 லட்சம், விகிதம் 6 சதவீதம்.

மொத்த விற்றுமுதல் என்னும் சொல்லை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே பான் எண்ணின்கீழ் இந்தியா முழுவதும் உள்ள எல்லாக் கடைகளின் விற்பனையும் அதில் அடங்கும். வரிவிலக்கு பெற்ற பொருள்களின் விற்பனையும் அடங்கும். பாதி விற்பனை உதிரி அரிசியும் காய்கறியுமாக இருக்கும் மளிகைக் கடைக்காரர், வரியுள்ள பொருள்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தகுதி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் வரி கட்டும்போது நிலைமை அவருக்குச் சாதகமானது. வணிகர் என்ற முறையில் வரியுள்ள பொருள்களின் விற்பனைக்கு மட்டும் 1 சதவீதம் கட்டினால் போதும். உற்பத்தியாளருக்கும் உணவகத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் மாநிலத்திலுள்ள தங்கள் முழு விற்றுமுதலுக்கும் கட்ட வேண்டும். ஒரே பான் எண்ணில் இரண்டு பதிவுகள் இருந்தால், ஒன்றை மட்டும் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டு மற்றதை வழக்கமான முறையில் விட்டுவைக்கவும் முடியாது.

விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தாலும் சிலருக்குக் கதவு மூடியே இருக்கிறது. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள்கள், காற்றடைத்த குளிர்பானம், செங்கல், சாம்பல் செங்கல், கூரை ஓடு ஆகியவற்றை உற்பத்தி செய்பவர்கள் சேர முடியாது. இந்தத் தடை உற்பத்திக்கு மட்டுமே. ஐஸ்கிரீமை வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இது பொருந்தாது. ஜிஎஸ்டிக்கு வெளியே உள்ள பெட்ரோல், மதுபானம் போன்றவற்றை விற்பவர்களுக்கும் இடமில்லை. இணையவழி விற்பனைத் தளங்கள் மூலம் பொருள் விற்பவர்கள் முன்பு சேர முடியாமல் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அந்தத் தடை பொருள்களுக்கு மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய தளங்கள் மூலம் சேவை தருபவர்களுக்குத் தடை தொடர்கிறது.

நடைமுறையில் அதிகம் பேரைச் சிக்க வைப்பது மாநிலத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்ற நிபந்தனைதான். வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம், விற்கத்தான் கூடாது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கும், கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கும், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் ஒரு பார்சல் அனுப்புவது அன்றாட வேலை போலத் தோன்றும். ஆனால் அது மாநிலங்களுக்கிடையேயான விற்பனை. அப்படி ஒரே ஒரு பில் போட்டாலும் தகுதி போய்விடும். பதிவு பெறாத வாடிக்கையாளரின் முகவரியை விற்பனை ஆவணத்தில் எழுதினால், அந்த முகவரி உள்ள மாநிலமே விற்பனை நடந்த இடமாகக் கொள்ளப்படும் என்று 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் சொல்கிறது. முகவரி எழுதப்படாவிட்டால் கடை இருக்கும் இடமே விற்பனை இடம். எனவே எல்லையோர ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள், பில்லில் வெளிமாநில முகவரி ஏறும் விற்பனை தமக்கு உண்டா என்று சென்ற ஆண்டு பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டே இந்தத் திட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம் திண்டுக்கல் கடைக்காரர் விசிறி மாட்டித் தருவது, மோட்டார் பழுது பார்ப்பது போன்ற கூலி வேலையும் செய்யக்கூடும். அது ஒரு தடையல்ல. மாநிலத்தில் சென்ற ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது ரூ. 5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரை சேவை வருமானம் இருக்கலாம். அவருக்கு அது ரூ. 6 லட்சம்.

இரண்டாம் படி: இழப்பைக் கணக்குப் போடுவது

திட்டத்தில் சேர்பவர் விட்டுக்கொடுக்கும் முதல் உரிமை, கடைவீதியில் 'இன்புட்' என்று சொல்லப்படும் உள்ளீட்டு வரி வரவு. இரண்டாவது, வரியைத் தனியாகக் காட்டி பில் போடும் உரிமை. இந்த இரண்டாவது இழப்பின் உண்மையான சுமை வாடிக்கையாளர் மீது விழுகிறது. அவர் பதிவு பெற்ற வணிகராக இருந்தால், நம்மிடம் வாங்கிய பொருளுக்கு அவராலும் இன்புட் எடுக்க முடியாது.

எண்களாகவே பார்ப்போம். கடைக்காரர் ரூ. 50 லட்சத்துக்குச் சரக்கு வாங்குகிறார், அதற்கு வரி ரூ. 9 லட்சம். அதை ரூ. 60 லட்சத்துக்கு விற்று ரூ. 10,80,000 வரி வசூலிக்கிறார். வழக்கமான முறையில் ரூ. 1,80,000-ஐ அரசுக்குக் கட்டுகிறார். அவருடைய மொத்த லாபம் ரூ. 10 லட்சம்.

இப்போது அவர் காம்போசிஷனுக்கு மாறி, வாடிக்கையாளர் முன்பு வரியோடு கொடுத்த அதே தொகைக்கு விற்கிறார் என்று கொள்வோம். விற்பனை ரூ. 70,80,000. சரக்கின் அடக்கம் வரியோடு சேர்த்து ரூ. 59 லட்சம். 1 சதவீத வரி ரூ. 70,800. கையில் நிற்பது ரூ. 11,09,200. வாடிக்கையாளர் கொடுக்கும் விலை மாறாமலேயே கடைக்காரருக்கு ரூ. 1,09,200 கூடுதலாகக் கிடைக்கிறது. வாங்குவோர் அனைவரும் வீட்டுக்காரர்களாக இருந்தால், இந்தத் திட்டம் அவருக்கு நல்லதே.

ஆனால் மின்பொருள் கடைக்கு வீட்டுக்காரர்கள் மட்டும் வருவதில்லை. பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்களும் வருவார்கள். அவர்களைப் பொறுத்தவரை முன்பு ரூ. 100-க்கு வாங்கிய பொருளின் அடக்கம் ரூ. 100 மட்டுமே, ஏனெனில் ரூ. 18-ஐ இன்புட்டாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது ரூ. 118 கொடுத்தால் முழுவதும் அடக்கமாகிவிடும். அவர்களைத் தக்கவைக்க வேண்டுமானால் ரூ. 100-க்கே தர வேண்டியிருக்கும். விற்பனையில் கால் பங்கு இத்தகையவர்களிடம் நடந்தால், கடைக்காரரின் வரவு ரூ. 68,10,000 ஆகக் குறைந்துவிடும். சரக்கின் அடக்கத்தையும் ரூ. 68,100 வரியையும் கழித்தால் நிற்பது ரூ. 8,41,900. அதாவது பழைய முறையைவிட ரூ. 1,58,100 குறைவு. லாபமும் நட்டமும் சமமாகும் இடத்தைத் தேடினால், விற்பனையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இன்புட் எடுப்பவர்களிடம் போகும்போதே திட்டத்தின் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடுகிறது. இது பலர் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறிய பங்கு. கடை வாடகை, தொலைபேசி, ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றில் எடுத்துவந்த இன்புட் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதையும் சேர்த்தால் சமநிலை இன்னும் கீழே இறங்கும்.

எனவே விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் சென்ற ஆண்டின் `GSTR-1` படிவத்தைத் திறந்து பாருங்கள். பதிவு பெற்றவர்களுக்குப் போட்ட பில்கள் அதில் தனித்தனியாக இருக்கும். அவற்றின் கூட்டுத் தொகை மொத்த விற்பனையில் எத்தனை பங்கு என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

மறுபாதி, வரி விகிதத்தையும் லாப விகிதத்தையும் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத விகிதம் நீங்கி, அதிலிருந்த பல பொருள்கள் 5 சதவீதத்துக்கு இறங்கின. எவர்சில்வர் பாத்திரம் அவற்றில் ஒன்று. பாத்திரக் கடை ஒன்று ரூ. 52 லட்சத்துக்கு வாங்கி ரூ. 60 லட்சத்துக்கு விற்றால், வழக்கமான முறையில் கட்ட வேண்டியது ரூ. 8 லட்சம் வித்தியாசத்தின் மீது 5 சதவீதம், அதாவது ரூ. 40,000. காம்போசிஷனில் அதே விலைக்கு விற்றால் விற்பனை ரூ. 63 லட்சம், வரி ரூ. 63,000. ஒப்பந்தக்காரர் ஒருவர்கூட வராவிட்டாலும் இங்கே காம்போசிஷன்தான் விலை கூடியது. 5 சதவீதப் பொருளில், வரி நீங்கலான விற்பனை விலையில் லாபம் 21 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் காம்போசிஷனில் வரி குறையும். 18 சதவீதப் பொருளில் 6.6 சதவீத லாபம் இருந்தாலே போதும். விகிதக் குறைப்புக்கு முன் சரியாக இருந்த முடிவு இப்போதும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

மேலும் ஒரு செலவு கண்ணில் படுவதில்லை. எதிர்முறை வரி, அதாவது வாங்குபவரே கட்ட வேண்டிய வரி, காம்போசிஷனில் இருப்பவருக்கும் உண்டு. அதையும் 1 சதவீதத்தில் அல்லாமல் வழக்கமான விகிதத்தில் கட்ட வேண்டும். லாரி அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ரூ. 80,000 சரக்குக் கட்டணம் கொடுத்து, அது எதிர்முறையில் 5 சதவீதம் வரிக்கு உட்பட்டதாக இருந்தால், ரூ. 4,000 கையிலிருந்து போகும், திரும்பக் கிடைக்காது. பதிவு பெறாதவரிடம் எடுத்த கடை வாடகைக்கு 2024 அக்டோபரில் வந்த எதிர்முறை வரியிலிருந்து காம்போசிஷன் வணிகர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்கு கிடைத்தது ஆறுதலான செய்தி.

மூன்றாம் படி: விண்ணப்பமும் இருப்புச் சரக்கும்

புதிதாகப் பதிவு செய்பவர், பதிவு விண்ணப்பமான `GST REG-01` படிவத்திலேயே இந்தத் தெரிவைக் குறிக்கலாம். ஏற்கெனவே பதிவு உள்ளவர் ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழைந்து, `Services > Registration > Application to Opt for Composition Levy` என்ற வழியில் `GST CMP-02` படிவத்தை மார்ச் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். படிவம் சிறியது. ஒருமுறை சேர்ந்தபின் தகுதி இருக்கும் வரை ஆண்டுதோறும் மீண்டும் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

பெரிய வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. மார்ச் 31 அன்று கடையில் இருக்கும் சரக்குக்கு எடுத்திருந்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கான `GST ITC-03` படிவத்தை நிதியாண்டு தொடங்கிய 60 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நம் கடைக்காரரிடம் ரூ. 8 லட்சம் கொள்முதல் மதிப்புள்ள சரக்கு இருந்தால், அதன் இன்புட் ரூ. 1,44,000. மின்னணு வரவுக் கணக்கில் ரூ. 30,000 மிச்சம் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதி ரூ. 1,14,000-ஐப் பணமாகக் கட்ட வேண்டும். கணினி போன்ற மூலதனப் பொருள்களுக்கு 60 மாத ஆயுள் என்று வைத்து, மீதமுள்ள மாதங்களுக்கு உரிய பங்கை மட்டும் கட்டினால் போதும். ரூ. 9,000 இன்புட் எடுத்து 36 மாதம் பயன்படுத்திய கணினிக்கு, எஞ்சிய 24 மாதத்துக்கு ரூ. 3,600.

சரக்குக்குக் கட்டும் இந்தத் தொகை நட்டம் அல்ல. மேலே போட்ட கணக்கில் சரக்கின் அடக்கத்தை வரியோடு சேர்த்து எடுத்ததால் இது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சரக்கு விற்க விற்க விலையில் திரும்பி வரும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ஒரே தவணையாக வெளியே போகும் பணம் என்பதால், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு மாறாக, வரவுக் கணக்கில் இருக்கும் தொகை கட்ட வேண்டியதைவிட அதிகமாக இருந்தால் அந்த மிச்சம் காலாவதியாகிவிடும். அது நிச்சயமாக நட்டம்தான். ஆகவே பிப்ரவரியிலேயே வரவுக் கணக்கின் இருப்பையும் சரக்கு மதிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: பலகையும் பில்லும் தாக்கல்களும்

ஏப்ரல் 1 முதல் வரி பில் போடக் கூடாது. அதற்குப் பதில் பில் ஆஃப் சப்ளை தர வேண்டும். அதன் தலைப்பில் "`composition taxable person, not eligible to collect tax on supplies`" என்ற வாசகம் இருக்க வேண்டும். கடையின் பெயர்ப்பலகையிலும் பார்வைக்குப் படும்படி "`composition taxable person`" என்று எழுதியிருக்க வேண்டும். பில் அச்சடிக்கும் மென்பொருளை மாற்ற மறந்து, ஏப்ரல் முதல் வாரத்திலும் வரி வசூலித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மார்ச் 31 இரவே ஒரு மாதிரி பில் போட்டு, வரிக்கான கட்டங்கள் மறைந்துவிட்டனவா என்று பார்த்துவிடுங்கள்.

வரியை `CMP-08` படிவத்தில் காலாண்டுக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் ஆகிய நான்கு மாதங்களின் 18-ஆம் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொண்டால் போதும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு. ஆண்டு முடிந்தபின் `GSTR-4` படிவத்தை ஜூன் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். நான்கு முறை வரி கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். கெடு தேதிக்குப் பின் மூன்று மாதம் கடந்தும் தாக்கல் செய்யாவிட்டால் பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

வெளியேற நேர்ந்தால்

நடப்பு ஆண்டில் விற்றுமுதல் ரூ. 1.5 கோடியைத் தாண்டும் அந்த நாளிலேயே திட்டம் முடிந்துவிடுகிறது. ஆண்டு முடியும் வரை தொடர முடியாது. ஜனவரி 12 அன்று தாண்டினால், அன்றிலிருந்தே வரி பில் போட்டு வழக்கமான விகிதத்தில் வரி வசூலிக்க வேண்டும். ஏழு நாள்களுக்குள் `GST CMP-04` படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தாமாகவே விலக விரும்புபவருக்கும் இதே படிவம்தான். வெளிமாநில விற்பனை போன்ற காரணத்தால் தகுதி போனதை வணிகர் சொல்லாமல் அதிகாரி கண்டுபிடித்தால், `CMP-05` படிவத்தில் அறிவிப்பு வரும். 15 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் ஏற்கப்படாவிட்டால், தகுதி போன நாளிலிருந்து வழக்கமான விகிதத்தில் வரியும் வட்டியும் அபராதமும் கேட்கப்படும். அந்த வரியை எந்த வாடிக்கையாளரிடமும் இனிப் போய்க் கேட்க முடியாது என்பதால், ஒரே ஒரு பில்லின் விளைவு பல மாத லாபத்தை விழுங்கிவிடக்கூடும். விற்றுமுதல் ரூ. 1.3 கோடியை நெருங்கியதும் வாரந்தோறும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் தேவை.

வெளியேறுபவருக்கு ஓர் உரிமை திரும்பக் கிடைக்கிறது. அதைப் பலர் தெரியாமல் இழக்கிறார்கள். வழக்கமான முறைக்கு மாறும் நாளுக்கு முந்தைய நாள், நம் எடுத்துக்காட்டில் ஜனவரி 11 அன்று, கடையில் இருந்த சரக்குக்கு உரிய இன்புட்டை அவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 30 நாள்களுக்குள் `GST ITC-01` படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கொள்முதல் பில்லின் தேதி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். கோரும் தொகை ரூ. 2 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டர் சான்றும் வேண்டும். காம்போசிஷனில் இன்புட் கிடையாது என்பதால் கொள்முதல் பில்களைக் கோப்பில் வைக்காமல் விட்டவரால் இந்தக் கோரிக்கையை எழுப்பவே முடியாது. அதனால் சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு கொள்முதல் பில்லையும் தேதி வாரியாகக் கட்டி வைத்திருங்கள்.